கணக்கியல் சமன்பாடும் வணிக நடவடிக்கைகளும்

சமன்பாட்டின் பொருள்

ஒரு வணிகத்தில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் இரண்டு வினாக்களை எழுப்பலாம். அது என்ன பொருள் என்பது முதல் வினா. அதற்கான பணத்தைத் தந்தவர் யார் என்பது இரண்டாம் வினா. கடையில் உள்ள ரொக்கம், அலமாரி, விற்பனைக்கான சரக்கு, வாடிக்கையாளர் தர வேண்டிய தொகை ஆகியவை முதல் வினாவுக்கான விடைகள். இவை சொத்துகள் எனப்படும். இரண்டாம் வினாவுக்கு இரு விடைகளே உண்டு. பணத்தை வெளியார் தந்திருக்க வேண்டும். அல்லது உரிமையாளர் தந்திருக்க வேண்டும். வெளியாருக்கு வணிகம் திருப்பித் தர வேண்டிய தொகை பொறுப்பு எனப்படும். உரிமையாளருக்கு உரிய தொகை முதல் எனப்படும். அதனை உரிமையாளரின் சமபங்கு என்றும் கூறுவர்.

இரண்டு வினாக்களும் ஒரே பொருள்களைப் பற்றியவை. ஆகவே இரண்டின் மொத்தமும் ஒன்றாகவே இருக்கும். இவ்வுண்மையே கணக்கியல் சமன்பாடு.

சொத்துகள் = பொறுப்புகள் + முதல்

இதனையே மற்றொரு வடிவிலும் எழுதலாம்.

முதல் = சொத்துகள் − பொறுப்புகள்

இரண்டாம் வடிவம் ஒரு செய்தியைத் தெளிவாக்குகிறது. முதல் என்பது பெட்டியில் தனியே எடுத்து வைக்கப்பட்ட பணம் அன்று. சொத்துகள் அனைத்தையும் கூட்டி, அதிலிருந்து வெளியாருக்கு உரியதைக் கழித்தபின் எஞ்சி நிற்பதே முதல். வெளியாரின் உரிமை முன்னதாகவும் உரிமையாளரின் உரிமை பின்னதாகவும் அமைகிறது. எனவே வணிகத்தில் ஏற்படும் இலாபமும் இழப்பும் இறுதியில் முதலையே வந்து சேர்கின்றன.

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரு விளைவுகள் உண்டு என்னும் இரட்டைத் தன்மைக் கருத்தே இச்சமன்பாட்டின் அடிப்படை. வெனிஸ் நகர வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை லூகா பாசியோலி என்னும் இத்தாலியக் கணித அறிஞர் 1494ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கி எழுதினார். இன்றைய கணினிக் கணக்குகளும் அதே கருத்தின்மீதே இயங்குகின்றன.

சமன்பாட்டைப் பயன்படுத்தும்போது நினைவில் நிறுத்த வேண்டிய கருத்து மற்றொன்றும் உண்டு. கணக்கியலில் உரிமையாளர் வேறு, வணிகம் வேறு. இது வணிகத் தனித்தன்மைக் கருத்து எனப்படும். உரிமையாளரின் வீடும் நகையும் கடையின் சொத்துகள் ஆகா. அவருடைய வீட்டுச் செலவு கடையின் செலவு ஆகாது. இக்கருத்து இல்லையேல், உரிமையாளருக்கு வணிகம் தர வேண்டிய தொகை என்று ஒன்றைக் கூறவே இயலாது.

ஒரு கடையின் ஜூன் மாதக் கணக்கு

ஒருவர் பள்ளிக்கு அருகில் எழுதுபொருள் கடை ஒன்றை ஜூன் 1 அன்று தொடங்குகிறார் எனக் கொள்வோம். குறிப்பேடுகளும் எழுதுகோல்களும் மிகுதியாக விற்பனையாகும் மாதம் அது. மாத இறுதியில் அவர் தம் பணப்பெட்டியை எண்ணிப் பார்க்கிறார். தொடங்கியபோது இருந்த தொகையைவிட ரூ.10,000 குறைவாக உள்ளது. கடை இழப்பில் நடக்கிறதா என்னும் ஐயம் அவருக்கு எழுகிறது. இவ்வையத்திற்குப் பணப்பெட்டி விடை கூறாது. ஒவ்வொரு நடவடிக்கையும் சமன்பாட்டின் எப்பகுதியை மாற்றியது எனப் படிப்படியாகக் கண்டால் விடை கிடைக்கும்.

ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. எவை மாறின? ஒவ்வொன்றும் கூடியதா, குறைந்ததா? முதல் மாறியதா? மூன்றாம் வினாவே மிகவும் கவனத்திற்குரியது.

1. வணிகத்தைத் தொடங்குதல்

உரிமையாளர் ரூ.2,00,000 ரொக்கத்துடன் கடையைத் தொடங்குகிறார். கடையின் ரொக்கம் என்னும் சொத்து ரூ.2,00,000 ஆகிறது. அத்தொகையைத் தந்தவர் உரிமையாளர் என்பதால் முதலும் ரூ.2,00,000 ஆகிறது. வெளியாருக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை.

சொத்துகள் ரூ.2,00,000 = பொறுப்புகள் இல்லை + முதல் ரூ.2,00,000

2. முதலை மாற்றாத நடவடிக்கைகள்

அடுத்து, ரூ.40,000 ரொக்கம் கொடுத்து அலமாரிகளும் மேசையும் வாங்கப்படுகின்றன. இவை அறைகலன் என்னும் சொத்தாகப் பதியப்படும். ரொக்கம் ரூ.40,000 குறைந்து ரூ.1,60,000 ஆகிறது, அறைகலன் ரூ.40,000 கூடுகிறது. ஒரு சொத்து மற்றொரு சொத்தாக உருமாறியதே தவிர, மொத்தம் மாறவில்லை. பணம் கையைவிட்டுப் போனதால் உரிமையாளருக்கு இழப்பு ஏற்பட்டது என்று கருதுதல் தவறு. பணத்திற்கு ஈடான பொருள் கடையில் இருக்கிறது.

பின்னர், மொத்த வணிகர் ஒருவரிடமிருந்து ரூ.90,000 மதிப்புள்ள சரக்கு கடனுக்குக் கொள்முதல் செய்யப்படுகிறது. சரக்கிருப்பு என்னும் சொத்து ரூ.90,000 கூடுகிறது. அதே தொகை மொத்த வணிகருக்குத் தரப்பட வேண்டியிருப்பதால், கடனீந்தோர் என்னும் பொறுப்பும் ரூ.90,000 கூடுகிறது. கடை முழுவதும் சரக்கு நிறைந்து காணப்பட்டாலும், உரிமையாளரின் முதல் ஒரு ரூபாயும் கூடவில்லை.

கடையின் பிற தேவைகளுக்காக உறவினர் ஒருவரிடமிருந்து ரூ.50,000 வட்டியில்லாக் கடன் பெறப்படுகிறது. ரொக்கம் ரூ.2,10,000 ஆக உயர்கிறது. கடன் என்னும் பொறுப்பு ரூ.50,000 தோன்றுகிறது. கைக்கு வந்த பணம் அனைத்தும் வருமானம் ஆகாது என்பதற்கு இது சான்று. இப்போது நிலை வருமாறு:

சொத்துகள் ரூ.3,40,000 = பொறுப்புகள் ரூ.1,40,000 + முதல் ரூ.2,00,000

அறைகலன், சரக்கு, கடன் ஆகிய மூன்று நடவடிக்கைகள் நிகழ்ந்துள்ளன. சொத்துகள் ரூ.1,40,000 கூடியுள்ளன. ஆயினும் முதல் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. சொத்துகளின் பெருக்கத்தைக் கொண்டு உரிமையாளரின் வளத்தை அளக்க இயலாது என்பது இதனால் விளங்கும்.

3. முதலைக் கூட்டும் நடவடிக்கை: விற்பனை

ரூ.30,000 அடக்கவிலை உள்ள சரக்கு ரூ.38,000 ரொக்கத்திற்கு விற்கப்படுகிறது. இங்கு ரொக்கம் ரூ.38,000 கூடுகிறது. சரக்கிருப்பு அடக்கவிலையாகிய ரூ.30,000 மட்டுமே குறைகிறது. சொத்துகளின் நிகர உயர்வு ரூ.8,000. இவ்வுயர்வுக்கு வெளியார் எவரும் உரிமை கோர இயலாது. வாங்கியவர் தம் பொருளைப் பெற்றுச் சென்றுவிட்டார். எனவே ரூ.8,000 உரிமையாளருக்கே உரியது, முதல் ரூ.2,08,000 ஆகிறது.

இவ்விடத்தில் மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, சரக்கிருப்பிலிருந்து விற்பனை விலையாகிய ரூ.38,000 முழுவதையும் கழித்துவிடுவதாகும். அவ்வாறு செய்தால் சொத்துகளின் மொத்தம் மாறாது. ஈட்டிய இலாபம் கணக்கில் மறைந்துபோகும். சரக்கு எந்த விலையில் கணக்கிற்குள் வந்ததோ, அந்த விலையிலேயே அது கணக்கைவிட்டு வெளியேற வேண்டும்.

மேலும், ரூ.20,000 அடக்கவிலை உள்ள குறிப்பேடுகள் அருகிலுள்ள பள்ளி ஒன்றுக்கு ரூ.26,000க்குக் கடனுக்கு விற்கப்படுகின்றன. ரொக்கம் எதுவும் வரவில்லை. ஆயினும் ரூ.26,000 பெறும் உரிமை கடைக்கு ஏற்பட்டுவிட்டது. அவ்வுரிமையே கடனாளிகள் என்னும் சொத்து. சரக்கிருப்பு ரூ.20,000 குறைகிறது, கடனாளிகள் ரூ.26,000 கூடுகிறது, இடையிலுள்ள ரூ.6,000 முதலைச் சேர்கிறது.

சொத்துகள் ரூ.3,54,000 = பொறுப்புகள் ரூ.1,40,000 + முதல் ரூ.2,14,000

பணம் வராதபோதே இலாபம் எவ்வாறு தோன்றும் என்னும் வினா எழலாம். விற்பனை நிறைவடைந்து பொருளின் உரிமை வாங்குபவருக்கு மாறியபோதே வருமானம் ஈட்டப்பட்டதாகக் கணக்கியல் கொள்கிறது. பணம் பெறும் நாள் பின்னர் வரலாம்; வருமானம் ஈட்டிய நாள் விற்பனை நாளேயாகும்.

4. கடன்களைத் தீர்த்தலும் பெறுதலும்

மொத்த வணிகருக்குத் தர வேண்டிய தொகையில் ரூ.60,000 ரொக்கமாகச் செலுத்தப்படுகிறது. ரொக்கம் ரூ.60,000 குறைகிறது, கடனீந்தோரும் அதே அளவு குறைந்து ரூ.30,000 ஆகிறது. சமன்பாட்டின் இரு பக்கங்களும் சமமாகக் குறைந்தன. கடனைத் தீர்ப்பதால் உரிமையாளர் வறியவர் ஆவதில்லை. அப்பணம் முன்பே வெளியாருக்கு உரியதாக இருந்தது.

பள்ளியிடமிருந்து ரூ.16,000 ரொக்கம் பெறப்படுகிறது. ரொக்கம் கூடுகிறது, கடனாளிகள் ரூ.10,000 ஆகக் குறைகிறது. ஒரு சொத்துக்கு ஈடாக மற்றொரு சொத்து வந்தது. இலாபம் விற்பனையின்போதே பதியப்பட்டுவிட்டதால், இப்போது முதல் கூடாது.

சொத்துகள் ரூ.2,94,000 = பொறுப்புகள் ரூ.80,000 + முதல் ரூ.2,14,000

5. முதலைக் குறைக்கும் நடவடிக்கைகள்: செலவுகள்

ஜூன் மாதக் கடை வாடகை ரூ.6,000 ரொக்கமாகச் செலுத்தப்படுகிறது. ரொக்கம் ரூ.6,000 குறைகிறது. அலமாரி வாங்கியபோது ரொக்கத்திற்கு ஈடாக ஒரு சொத்து கிடைத்தது. வாடகைக்கு ஈடாகக் கிடைத்தது ஜூன் மாதம் முழுவதும் கடையைப் பயன்படுத்தும் வாய்ப்பு. மாதம் முடிந்ததும் அது தீர்ந்துவிட்டது. வேறு சொத்து கூடவில்லை, பொறுப்பும் குறையவில்லை. எனவே முதல் ரூ.6,000 குறைந்து ரூ.2,08,000 ஆகிறது. ஒரு கொடுப்பனவு சொத்தா, செலவா எனப் பிரித்தறிய இதுவே வழி: கொடுத்த பணத்திற்கு ஈடாக இனியும் பயன் தரக்கூடியது ஏதேனும் எஞ்சியுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

கடையில் உதவியாளர் ஒருவர் ஜூன் மாதம் முழுவதும் பணியாற்றினார். அவருக்குரிய ஊதியம் ரூ.5,000, அது ஜூலை மாதத் தொடக்கத்தில்தான் வழங்கப்படும். ஜூன் 30 அன்று ரொக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆயினும் அவருடைய உழைப்பைக் கடை பெற்றுவிட்டது. தொகையைத் தரும் கடப்பாடு தோன்றிவிட்டது. எனவே கொடுபட வேண்டிய ஊதியம் என்னும் பொறுப்பு ரூ.5,000 கூடுகிறது, முதல் ரூ.5,000 குறைகிறது. சமன்பாட்டின் வலப்பக்கத்திலேயே ஒன்று கூடி மற்றொன்று குறைந்ததால் சொத்துகளின் மொத்தம் மாறவில்லை.

சொத்துகள் ரூ.2,88,000 = பொறுப்புகள் ரூ.85,000 + முதல் ரூ.2,03,000

உதவியாளரைப் பணியில் அமர்த்திய நாளில் சமன்பாட்டில் எந்த மாற்றமும் நிகழவில்லை என்பதையும் நோக்க வேண்டும். பணியமர்த்தல் ஓர் உடன்பாடு மட்டுமே. அவர் உழைத்தபின்னரே ஊதியக் கடப்பாடு எழுந்தது. அவ்வாறே, மொத்த வணிகரிடம் சரக்குக்கு ஆணை கொடுப்பதும் கணக்கில் பதியப்படும் நடவடிக்கை ஆகாது. சரக்கு வந்து சேரும்போதே அது நடவடிக்கையாகிறது.

6. எடுப்புகள்

உரிமையாளர் தம் வீட்டுச் செலவுக்காகக் கடையிலிருந்து ரூ.8,000 ரொக்கம் எடுக்கிறார். ரொக்கம் ரூ.8,000 குறைகிறது, முதலும் ரூ.8,000 குறைகிறது. விளைவைப் பார்த்தால் இது வாடகை போலவே தோன்றும். ஆனால் காரணம் வேறு. வாடகை, வணிகம் வருமானம் ஈட்டுவதற்காகச் செய்த செலவு. எடுப்பு, உரிமையாளர் தமக்கு உரியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அது வணிகத்தின் செலவு அன்று. இலாபத்தைக் கணக்கிடும்போது அதனைக் கழிக்கக் கூடாது.

நடவடிக்கைகளின் தொகுப்பு

ஒவ்வொரு நடவடிக்கைக்குப் பின்னரும் சமன்பாடு அடைந்த நிலையைக் கீழுள்ள அட்டவணை காட்டுகிறது. தொகைகள் ரூபாயில் தரப்பட்டுள்ளன.

| நடவடிக்கை | சொத்துகள் | பொறுப்புகள் | முதல் |
|---|---|---|---|
| ரொக்கத்துடன் தொடங்கியது | 2,00,000 | – | 2,00,000 |
| அறைகலன் வாங்கியது | 2,00,000 | – | 2,00,000 |
| கடன் கொள்முதல் | 2,90,000 | 90,000 | 2,00,000 |
| உறவினரிடம் கடன் பெற்றது | 3,40,000 | 1,40,000 | 2,00,000 |
| ரொக்க விற்பனை | 3,48,000 | 1,40,000 | 2,08,000 |
| கடன் விற்பனை | 3,54,000 | 1,40,000 | 2,14,000 |
| கடனீந்தோருக்குச் செலுத்தியது | 2,94,000 | 80,000 | 2,14,000 |
| கடனாளியிடம் பெற்றது | 2,94,000 | 80,000 | 2,14,000 |
| வாடகை செலுத்தியது | 2,88,000 | 80,000 | 2,08,000 |
| கொடுபட வேண்டிய ஊதியம் | 2,88,000 | 85,000 | 2,03,000 |
| எடுப்பு | 2,80,000 | 85,000 | 1,95,000 |

ஜூன் 30 அன்று சொத்துகள் ரொக்கம் ரூ.1,90,000, அறைகலன் ரூ.40,000, சரக்கிருப்பு ரூ.40,000, கடனாளிகள் ரூ.10,000 என அமைகின்றன. பொறுப்புகள் உறவினர் கடன் ரூ.50,000, கடனீந்தோர் ரூ.30,000, கொடுபட வேண்டிய ஊதியம் ரூ.5,000 என அமைகின்றன. இவற்றை ஒழுங்குபடுத்தி எழுதினால் அதுவே அந்நாளைய இருப்புநிலைக் குறிப்பாகும்.

மூன்று எண்களும் அவற்றின் பொருளும்

உரிமையாளரின் ஐயத்திற்கு இப்போது விடை காணலாம். ரொக்கம் ரூ.2,00,000இலிருந்து ரூ.1,90,000 ஆயிற்று, குறைவு ரூ.10,000. முதல் ரூ.2,00,000இலிருந்து ரூ.1,95,000 ஆயிற்று; குறைவு ரூ.5,000. ஆனால் கடை இழப்பில் நடக்கவில்லை. முதலின் மாற்றத்தை அதன் காரணங்களாகப் பிரித்துப் பார்த்தால் இது புலனாகும்.

இறுதி முதல் = தொடக்க முதல் + இலாபம் − எடுப்புகள்

இரு விற்பனைகளிலும் கிடைத்த உபரி ரூ.14,000. வாடகையும் ஊதியமும் சேர்ந்து ரூ.11,000. எனவே இலாபம் ரூ.3,000. தொடக்க முதல் ரூ.2,00,000உடன் இலாபம் ரூ.3,000ஐக் கூட்டி, எடுப்பு ரூ.8,000ஐக் கழித்தால் இறுதி முதல் ரூ.1,95,000 கிடைக்கிறது.

கடை ரூ.3,000 ஈட்டியது, உரிமையாளர் ரூ.8,000 எடுத்துக்கொண்டார். ஈட்டியதற்கு மேல் எடுத்த ரூ.5,000 அவர் போட்ட முதலிலிருந்தே சென்றது. ஆகவே குறை கடையின் விற்பனையில் இல்லை. எடுப்பின் அளவிலேயே உள்ளது. இதே நிலை தொடருமானால், இலாபத்தில் நடக்கும் கடையிலும் முதல் மாதந்தோறும் கரையும். உறவினரின் ரூ.50,000 கடன் ரொக்கத்தில் கலந்திருப்பதால், பணப்பெட்டியை மட்டும் பார்ப்பவருக்கு இக்கரைவு எளிதில் தெரியாது.

இங்குக் கண்ட இலாபம் அறைகலனின் தேய்மானத்தைக் கழிக்காமல் கணக்கிடப்பட்டதாகும். அலமாரிகள் பயன்பாட்டால் மதிப்புக் குறையும்போது அறைகலன் என்னும் சொத்தும் முதலும் அதே அளவு குறையும், இலாபமும் ரூ.3,000ஐவிடக் குறையும்.

சமன்பாடு காட்டும் பிழையும் காட்டாத பிழையும்

ஒரு நடவடிக்கையின் இரு விளைவுகளுள் ஒன்றை மட்டும் பதிந்தால், சமன்பாட்டின் இரு பக்கங்களும் ஒவ்வா. வாடகைக்காக ரொக்கத்தைக் குறைத்துவிட்டு முதலைக் குறைக்க மறந்தால், சொத்துகள் ரூ.6,000 குறைவாக நிற்கும். வேறுபாட்டுத் தொகையே பிழை எங்குள்ளது என்பதைக் காட்டிவிடும். ரொக்கத்தைக் குறைத்து, முதலைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டியிருந்தால் வேறுபாடு ரூ.12,000 ஆகும். எனவே வேறுபாட்டுக்கு இணையான தொகை எதுவும் நடவடிக்கைகளில் காணப்படாவிடில், அதன் பாதித்தொகை உள்ளதா எனத் தேடுதல் பயன் தரும்.

ஆனால் சமன்பாடு சமமாக இருப்பது கணக்கு சரி என்பதற்கு முழுச் சான்று ஆகாது. இரு விளைவுகளும் பதியப்பட்டு, அவற்றுள் ஒன்று தவறான தலைப்பில் பதியப்பட்டிருந்தால் சமன்பாடு பிழையை மறைத்துவிடும்.

உறவினர் தந்த ரூ.50,000ஐ வருமானமாகப் பதிந்தால், பொறுப்புகள் ரூ.35,000 எனவும் முதல் ரூ.2,45,000 எனவும் அமையும். மொத்தம் ரூ.2,80,000, சமன்பாடு சமமே. ஆனால் ரூ.3,000 இலாபம் ரூ.53,000 எனத் தோன்றும்; திருப்பித் தர வேண்டிய கடன் ஒன்று கணக்கிலேயே இருக்காது.

பள்ளியிடமிருந்து பெற்ற ரூ.16,000ஐப் புதிய விற்பனை வருமானமாகப் பதிந்தால், ஒரே விற்பனை இருமுறை கணக்கில் ஏறும். கடனாளிகள் ரூ.26,000 எனவே நிற்கும், முதலும் ரூ.16,000 மிகுதியாகக் காட்டும். அப்போதும் சமன்பாடு சமமே.

எடுப்பைச் செலவாகப் பதிந்தால், இறுதி முதல் ரூ.1,95,000 எனச் சரியாகவே இருக்கும். ஆயினும் ரூ.3,000 இலாபம் ரூ.5,000 இழப்பாகத் தோன்றும். நன்றாக நடக்கும் கடையை மூடிவிடலாம் என்னும் தவறான முடிவுக்கு இப்பிழை ஒருவரை இட்டுச் செல்லக்கூடும்.

இத்தகைய பிழைகளைக் கணக்கேட்டுக்குள் மட்டும் தேடிக் காண இயலாது. ஏட்டிலுள்ள ஒவ்வொரு தொகையையும் வெளியிலுள்ள உண்மையுடன் ஒப்பிட வேண்டும். ரொக்கத்தை எண்ணிப் பார்த்தல், சரக்கைக் கணக்கெடுத்தல், கடனாளியிடமும் கடனீந்தோரிடமும் நிலுவைத் தொகையை உறுதிசெய்தல் ஆகியவை அதற்கான வழிகள். பள்ளி தன் நிலுவை ரூ.10,000 மட்டுமே எனக் கூறும்போது, ஏட்டில் ரூ.26,000 இருப்பது உடனே வெளிப்படும்.

பயிற்சி

மேற்கண்ட கடையில் ஜூலை மாதத் தொடக்கத்தில் பின்வரும் நடவடிக்கைகள் நிகழ்கின்றன. ஒவ்வொன்றும் முதலை மாற்றுகிறதா எனக் கூறிச் சமன்பாட்டை எழுதுக.

அ) பள்ளியிடமிருந்து எஞ்சிய ரூ.10,000 பெறப்பட்டது.
ஆ) மொத்த வணிகருக்கு எஞ்சிய ரூ.30,000 செலுத்தப்பட்டது.
இ) உதவியாளருக்கு ஜூன் மாத ஊதியம் ரூ.5,000 வழங்கப்பட்டது.
ஈ) ரூ.1,000 அடக்கவிலையும் ரூ.1,300 விற்பனை விலையும் உள்ள குறிப்பேடுகளை உரிமையாளர் தம் பிள்ளைகளுக்காக எடுத்துச் சென்றார்.

விடை: முதல் மூன்று நடவடிக்கைகளும் முதலை மாற்றுவதில்லை. ஊதியச் செலவு ஜூன் மாதத்திலேயே முதலிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டதால், இப்போது ரொக்கமும் பொறுப்பும் மட்டுமே குறைகின்றன. நான்காவது நடவடிக்கை சரக்காகச் செய்யப்பட்ட எடுப்பு. இங்கு விற்பனை நிகழவில்லை என்பதால் அடக்கவிலை ரூ.1,000 மட்டுமே சரக்கிருப்பிலும் முதலிலும் குறையும்.

சொத்துகள் ரூ.2,44,000 = பொறுப்புகள் ரூ.50,000 + முதல் ரூ.1,94,000